மண் ஆய்வறிக்கையைத் தமிழில் கொடுக்க மூன்று வழிகள்: மட்டக்களப்பு, அம்பாறைத் தளங்களுக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பு வாவிக்கரையிலோ கல்முனைப் பக்கம் வயல் ஓரத்திலோ ஒரு கட்டடம் எழும்பப்போகிறது என்றால், பெரும்பாலும் முதல் வேலை நிலத்தை உயர்த்துவதுதான். மாரியில் வெள்ளம் ஏறும் தாழ்நிலம் என்பதால் கிறவல் கொண்டுவந்து ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் என்று நிரப்புவார்கள். அதற்கு முன்பே மண் ஆய்வறிக்கை வந்திருக்கும், ஆங்கிலத்தில். அதை வைத்துத் தளத்தில் வேலை நடத்தும் இளம் பொறியியலாளரும் ரி.ஓ. என்று நாம் சொல்லும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மேற்பார்வையாளரும் தமிழில் பேசி, தமிழில் குறிப்பெழுதி வேலை செய்கிறவர்கள். அறிக்கையைத் தமிழில் கொடுப்போம் என்று கந்தோரில் முடிவெடுப்பது எளிது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அறிக்கை முழுவதையும் கலைச்சொற்களோடு நல்ல தமிழில் பெயர்ப்பது. இரண்டாவது, ஆங்கிலச் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, வாக்கியத்தை மட்டும் தமிழாக்குவது. மூன்றாவது, ஆங்கில அறிக்கையை மூலமாக வைத்துக்கொண்டு, துளையிட்டபோது எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று காட்டும் துளைப் பதிவையும் பரிந்துரைப் பகுதியையும் மட்டும் தளத்துக்கென்று தமிழில் எழுதுவது. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். ஆனால் மற்ற இரண்டும் எங்கே கவிழ்கின்றன என்று பார்த்தால்தான் மூன்றாவதை எப்படி எழுத வேண்டும் என்பது விளங்கும்.

ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். எண்கள் இந்த ஒப்பீட்டுக்காக நான் வைத்தவை. ஆனால் இப்படிப்பட்ட மண்ணில் எதிர்பார்க்கக்கூடியவை. மேலே 2.5 மீற்றர் வரை தளர்ந்த மணல். 2.5 முதல் 5.5 வரை கருஞ்சாம்பல் நிறத்தில் சிப்பித் துண்டுகளோடு மிக மென்மையான களி, அதில் சுத்தியல் அடிகளை எண்ணிப் பெறும் N பெறுமானம் 1, 2 என்றுதான் வருகிறது. 5.5க்குக் கீழே களி கலந்த மணல். இன்னும் கீழே போனால், கிழக்கு மாகாணத்தில் வழக்கமாக வருவதுபோல, வானிலையாலழிந்த நைஸ் பாறை. நிலக்கீழ் நீர்மட்டம் 1 மீற்றரில். இதன் மேல் 1.5 மீற்றர் கிறவல் நிரப்பப் போகிறார்கள்.

அறிக்கையில் இரண்டு வாக்கியங்கள் முக்கியம். களிப்படை 'நோர்மலி கொன்சொலிடேட்டட்' என்று ஒன்று. நிரப்பும் மண்ணை 95 வீதத்துக்குக் 'கொம்பக்ட்' பண்ண வேண்டும் என்று மற்றொன்று.

முழுத் தமிழாக்கத்தில் இந்த இரண்டுக்கும் என்ன நடக்கும் என்று பாருங்கள். இரண்டு சொல்லுக்கும் கைக்கு முதலில் வருவது 'இறுக்கம்'. அதனால் முதல் வாக்கியம் "களிப்படை இயல்பாகவே இறுகியது" என்று வந்து நிற்கும். தமிழ் வாக்கியமாக அதில் ஒரு பிழையும் இல்லை. படிக்கிற ரி.ஓ. என்ன நினைப்பார்? மண் தானாகவே இறுகிக் கிடக்கிறது, நல்ல மண், பயமில்லை என்றுதான். அறிக்கை சொன்னதோ இதற்கு நேர் எதிர். அந்தக் களி தன் மேல் இப்போது கிடக்கும் மண்ணின் பாரத்தைவிடக் கூடிய பாரத்தை இதுவரை சுமந்ததே இல்லை; புதிதாக எவ்வளவு பாரம் வைத்தாலும் அதற்கேற்ப அமிழும் என்பதுதான் அதன் பொருள். அமிழ்வைப் பொறுத்தவரை நாம் பயப்பட வேண்டிய களியே இதுதான். அதேபோல முன்பு பெரும் பாரம் சுமந்து பழகிய நல்ல களியை 'மிகை இறுக்கமுற்ற களி' என்று எழுதினால், 'மிகை' என்பதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று எண்ணுவார்கள். நல்லது கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் போய்ச் சேரும்.

இரண்டாவது வாக்கியத்திலும் அதே சிக்கல் மறுபக்கமாக வரும். களியும் இறுக வேண்டும், கிறவலும் இறுக வேண்டும் என்று எழுதினால், இரண்டுக்கும் றோலர்தானே என்ற எண்ணம் வந்துவிடும். கிறவலில் றோலர் ஓட்டும்போது வெளியே போவது காற்று. வேலை அன்றைக்கே முடிந்துவிடும். களி இறுகும்போது வெளியே போவது நீர். தேங்காய்ப்பூவைத் துணியில் கட்டி மேலே கல்லை வைத்தால் பால் மெதுவாக வடிந்து பூ தாழுமே, அதுபோல. அதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகும். மேலே எத்தனை தடவை றோலர் ஓடினாலும் 3 மீற்றர் ஆழத்தில் இருக்கும் களிக்கு அது தெரியாது. ஆகவே இவை இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைப்பதென்றால், முன்னால் ஒரு அடைமொழி கட்டாயம் வர வேண்டும்: 'நீர்வடி இறுகல்' என்றும் 'றோலர் இறுக்கல்' என்றும். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் தளத்தில் யாரும் ஒன்றை மற்றொன்றாக எடுக்க மாட்டார்கள்.

கொய்வு வலிமைப் பகுதியில் இன்னொரு குழி இருக்கிறது. களிக்கு அறிக்கை cu = 12 kPa என்று கொடுத்து, அது 'அன்ட்ரெயின்ட்' வலிமை என்று குறிப்பிட்டிருக்கும். இதை 'வடிகாலற்ற நிலை வலிமை' என்று பெயர்த்தால் நம் ஊரில் எல்லோருக்கும் வடிகான்தான் நினைவுக்கு வரும். காணியைச் சுற்றி வடிகான் வெட்டினால் இந்த எண் பொருந்தாது, வலிமை கூடிவிடும் என்று ஒருவர் நேர்மையாகவே முடிவு செய்யக்கூடும். அந்தச் சொல்லுக்கும் வடிகானுக்கும் சம்பந்தமில்லை. பாரம் சட்டென்று ஏறுகிறது, களிக்குள் இருக்கும் நீருக்கு வெளியேற நேரமில்லை, அந்த நேரத்தில் மண் எவ்வளவு தாங்கும் என்பதுதான் cu. 'நீர் வடிய நேரமில்லா வலிமை' என்று நீட்டி எழுதுவதே பாதுகாப்பு.

அந்த எண் தளத்தில் எங்கே வேலைக்கு வருகிறது என்றும் சொல்லிவிடலாம். வாவிப் பக்கமாகப் போகப் போக மேல்மணல் மெலிந்து களி மேலே வந்துவிடும் இடங்கள் உண்டு. அங்கே களி சட்டென்று தாங்கக்கூடிய உச்சம் cu இன் ஏறத்தாழ 5.14 மடங்கு: 5.14 × 12, அதாவது 62 kPa. டிப்பர்கள் வரிசையாகக் கொட்டி 3 மீற்றர் உயரத்துக்குக் கிறவல் குவிந்தால் அதன் பாரமே 60 kPa. குவியலின் தலையில் வெடிப்பு விட்டு, பக்கத்தில் சேறு பொங்கி எழும்பினால் களி முறியத் தொடங்கிவிட்டது என்று பொருள். "கரையோரம் கிறவலைக் குவிக்காதே, கொட்டியவுடன் பரப்பு" என்ற பரிந்துரை இந்த 12 என்ற எண்ணிலிருந்து வருகிறது. வடிகான் விஷயமாக அதைப் படித்தவருக்கு இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

முதல் வழியில் இன்னொரு கவனமும் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கலைச்சொல் பட்டியல்களில் பல தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் உள்ளவை. அங்கே தகைவு, திரிபு, அழுத்தம். இங்கே நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது தகைப்பு, விகாரம், அமுக்கம். அங்கே வெட்டு வலிமை, இங்கே கொய்வு வலிமை. மண்வெட்டும் தளத்தில் 'மண்ணின் வெட்டு வலிமை' என்று எழுதினால் வெட்டுவதற்கு எவ்வளவு கடினம் என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. முழுத் தமிழாக்கம் செய்கிறவர்கள் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளையும் நம் உயர்தர பௌதிகவியல் நூல்களையும் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கரை வழக்கையும் ஒரே பக்கத்தில் கலக்கக் கூடாது.

சரி, இவ்வளவு சிக்கல் எதற்கு, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமே என்பது இரண்டாவது வழி. தளத்தில் பேசுவதும் அப்படித்தான். "கிளே லேயர் நோர்மலி கொன்சொலிடேட்டட், ஃபில்லிங் போட்டா செட்டில்மென்ட் வரும்" என்றால் மண் பொறியியல் படித்தவருக்கு உடனே விளங்கும். பொருள் தலைகீழாகும் ஆபத்தும் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் சிங்களம் பேசும் ஒப்பந்தகாரரும் தமிழ் ரி.ஓ.வும் ஒரே தளத்தில் நிற்கும்போது இரண்டு பேருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஆங்கிலச் சொற்கள்தான். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் இது ஏற்கனவே தெரிந்தவருக்குத் தெரிந்ததையே சொல்லும் வழி. அவர் ஆங்கில மூலத்தையே படித்திருப்பார். தெரியாதவருக்கு இது இன்னும் கஷ்டம்: ஆங்கில எழுத்தில் இருந்தாலாவது கைபேசியில் தட்டிப் பார்க்கலாம், 'நோர்மலி கொன்சொலிடேட்டட்' என்று தமிழில் இருப்பதை எங்கே தேடுவது? எழுதுகிறவருக்கு எழுதுகிறவர் எழுத்துக்கூட்டலும் மாறும். ஒரே அறிக்கையில் ஒரு பக்கம் கொன்சொலிடேஷன், இன்னொரு பக்கம் கன்சாலிடேசன் என்றிருந்தால் இவை இரண்டு வேறு சோதனைகளோ என்று தோன்றும்.

எந்த வழியில் போனாலும் துளைப் பதிவில் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் தளத்தில் அதிகம் புரட்டப்படும் தாள் அதுதான். ஆங்கிலப் பதிவில் முதன்மை மண்ணின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவது வழக்கம். எது முக்கியம், எது கலப்பு என்று பார்த்தவுடன் தெரியும். தமிழில் பெரிய எழுத்து இல்லை. தமிழ்ப் பதிவில் 5.5 மீற்றருக்குக் கீழே 'களிமணல்' என்று சுருக்கி எழுதினால், அடுத்த பிரதியில் ஓர் எழுத்து விடுபட்டு அது 'களிமண்' ஆகிவிடும். அதனால் சுருக்காமல் 'களி கலந்த மணல்' என்றும் 'மணல் கலந்த களி' என்றும் முழுதாக எழுதி, முதன்மை மண்ணைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். அந்த ஓர் எழுத்துக்கு எவ்வளவு விலை என்று கீழே கணக்குப் போடும்போது தெரியும்.

நிலையைச் சொல்லும் சொற்களையும் இரண்டு குடும்பமாகப் பிரித்து வைக்க வேண்டும். மணலுக்குத் தளர்ந்த, நடுத்தரச் செறிவுள்ள, செறிந்த என்று ஒன்று. களிக்கு மென்மையான, உறுதியான, விறைப்பான என்று மற்றொன்று. 'கடினமான', 'இறுக்கமான' என்ற பொதுச் சொற்களை இரண்டுக்கும் போட்டால் N = 12 என்ற ஒரே எண் குழப்பத்தைத் தரும். மணலில் 12 வந்தால் அது வெறும் நடுத்தரச் செறிவு. களியில் 12 வந்தால் அது விறைப்பான நல்ல களி. N என்றால் என்ன என்பதையும் தாளின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விட்டு, முதல் 150 மில்லிமீற்றரைக் கணக்கில் எடுக்காமல், அடுத்த 300 மில்லிமீற்றர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்பது. 50 அடிக்கும் முழுதாக இறங்காவிட்டால் இறங்கிய அளவோடு எழுதுவார்கள். அதைத் தமிழில் திருத்தி எழுதாமல் அப்படியே விட வேண்டும்.

இப்போது மூன்றாவது வழிக்கு வருவோம். இதில் வாக்கியத்தைப் பெயர்ப்பதில்லை. வாக்கியம் தளத்தில் என்ன செய்யச் சொல்கிறதோ அதை எழுதுகிறோம். குறியீடுகளும் அலகுகளும் மூலத்தில் உள்ளபடியே இருக்கும்: cu, Cc, cv, kPa. தளத்தில் வழங்கும் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் ஒரு தடவை வரும், மூலத்தோடு பொருத்திப் பார்ப்பதற்காக. நம் மாதிரி அறிக்கையின் முதல் வாக்கியம் இப்படி அமையும்:

"2.5 முதல் 5.5 மீற்றர் வரையுள்ள களி, இப்போது தன் மேல் இருக்கும் மண்ணைவிடக் கூடிய பாரத்தை முன்பு சுமந்ததில்லை. மூல அறிக்கையில் நோர்மலி கொன்சொலிடேட்டட். 1.5 மீற்றர் கிறவல் போட்டதும் களியிலுள்ள நீர் மெதுவாக வெளியேறி, தரை ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் அமிழும். றோலர் ஓட்டுவதால் இது குறையாது. இதில் 90 வீதம் முடிய ஏறத்தாழ 15 மாதம் எடுக்கும்."

மூலத்தில் ஒற்றை வாக்கியம், தமிழில் ஐந்து. அந்த 14 சென்ரிமீற்றர் மூலத்தின் வேறொரு பக்கத்தில், கணக்கோடு இருக்கும். தமிழில் எழுதுகிறவர் அதை எடுத்து இங்கே வைக்கும் முன் தானும் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். களிப்படையின் நடுவில் இப்போதுள்ள பாரம், நீரின் உதைப்பைக் கழித்தபின், 40 kPa. கிறவல் 1.5 மீற்றர், அதன் கன மீற்றர் நிறையான 20 kN ஆல் பெருக்கினால் 30 kPa கூடுகிறது. களி எவ்வளவு அமுங்கும் என்பதைக் காட்டும் Cc 0.45, அதன் வெற்றிட விகிதம் e0 1.4, படையின் தடிப்பு H 3 மீற்றர்.

```
S = Cc × H / (1 + e0) × log10((σ0' + Δσ) / σ0')
S = 0.45 × 3 / 2.4 × log10(70 / 40) = 0.137 m
```

காலத்துக்கு, நீர்வடி இறுகல் எவ்வளவு வேகம் என்பதைக் காட்டும் cv ஆண்டுக்கு 1.5 சதுர மீற்றர் என்று வைப்போம். களிக்கு மேலும் மணல், கீழும் மணல் என்றால் நீர் இரு பக்கமும் போகும். ஆகத் தூரமான நீர்த்துளி போக வேண்டியது 1.5 மீற்றர்தான். 90 வீதத்துக்கான காலக் காரணி 0.848. ஆகவே 0.848 × 1.5² / 1.5 என்றால் 1.27 ஆண்டு, அதாவது 15 மாதம். கீழே இருப்பது மணல் இல்லை, நீர் விடாத களி என்றால் போக வேண்டிய தூரம் 3 மீற்றர் ஆகிறது. தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு: 5 ஆண்டு. களிமணல், களிமண் என்ற ஓர் எழுத்து வித்தியாசத்தின் விலை இதுதான். ஒரு மாரியும் கொஞ்சமும் பொறுத்திருந்து சுவர் எழுப்பலாம் என்று திட்டமிட்ட தளம், உண்மையில் ஐந்து ஆண்டு அமிழப்போகும் தளமாக இருக்கலாம்.

தளத்தில் இருப்பவர் இதைத் தானே சரிபார்க்கவும் முடியும், அதனால்தான் இந்த எண்கள் தமிழ்த் தாளில் இருக்க வேண்டும் என்கிறேன். கிறவல் போடுவதற்கு முன்பே பழைய தரையில் அமிழ்வுத் தகடுகளை வைத்து, கம்பியை மேலே நீட்டி, கிழமைக்கு ஒரு தடவை லெவல் எடுக்க வேண்டும். இரு பக்கமும் நீர் போகிறதென்றால் மூன்றரை மாதத்தில் பாதி அமிழ்வு, ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர், தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போகிறதென்றால் அதே நேரத்தில் 3 அல்லது 3.5 சென்ரிமீற்றர்தான் இருக்கும். வாசிப்பு குறைவாக வந்தால் "நல்ல மண், அதிகம் அமிழவில்லை" என்று மகிழாமல், பொறுத்திருக்க வேண்டிய காலம் கூடியிருக்கலாம் என்று வடிவமைப்பாளரிடம் சொல்ல வேண்டும். இது தமிழ்த் தாளில் எழுதியிருந்தால்தான் லெவல் எடுக்கிறவருக்குத் தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

மூன்றாவது வழியின் குறைகளும் உண்மையானவை. எழுதுகிறவருக்கு மண் தெரிந்திருக்க வேண்டும். மொழி மட்டும் தெரிந்த பெயர்ப்பாளரால் இதைச் செய்ய முடியாது. மூலத்தில் இல்லாத விளக்கம் சேர்வதால், பிணக்கு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்ற கேள்வி எழும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் 'இது தள உபயோகத்துக்கான தமிழ்த் தாள்; ஒப்பந்தத்துக்கு ஆங்கில மூலமே செல்லும்' என்று எழுதி, மூலத்தின் பக்க எண்ணையும் போட வேண்டும். ஆய்வுகூடச் சோதனைத் தாள்கள் இதில் வராது. ஈடோமீற்றர் வளைகோடுகளையும் மூவச்சுச் சோதனை வட்டங்களையும் பார்க்க வேண்டியவர் வடிவமைப்பாளர். அவற்றைத் தமிழாக்கும் நேரத்தைத் துளைப் பதிவில் செலவழிப்பது மேல்.

முதல் வழியை நான் தேர்ந்தெடுக்கும் இடமும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் பாடக்குறிப்பாகவோ, பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கோ வைப்பதென்றால் முழுத் தமிழே சரி. அங்கே படிக்க நேரம் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, அந்தத் தாளைப் பார்த்து உடனே யாரும் றோலரை வரவழைக்கப் போவதில்லை. காலைக் கூட்டத்தில் வாயால் சொல்லும்போது இரண்டாவது வழி போதும். எழுதிக் கொடுத்து வேலை நடத்துவதற்கு மூன்றாவது.

தாளை விநியோகிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒரு ரி.ஓ.விடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: றோலர் எந்தப் படைக்கு? சுவர் கட்ட எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? கரையோரம் கிறவலை எவ்வளவு உயரத்துக்குக் குவிக்கலாம்? அவர் சொல்லும் பதிலை அவர் சொன்னபடியே, மண் அறிக்கை எழுதிய பொறியியலாளரிடம் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் ஆம் என்றால் தாளில் திகதி போட்டு, தளக் கந்தோர்ச் சுவரில் துளைப் பதிவுக்குப் பக்கத்தில் ஒட்டலாம். இல்லை என்றால் அந்த வரியை மட்டும் திருத்தி, வேறொருவரிடம் மறுபடி கேட்க வேண்டும். முதலில் கேட்டவருக்கு இப்போது விடை தெரிந்துவிட்டது.